வழிநடைப் பாத்தியமும் எல்லைச் சுவரும்: அடுத்தவர் மனை வழியாகச் செல்லும் உரிமையின் சட்டமும் அளவையும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தமிழ்நாட்டின் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு வரும் மனை வழக்குகளில் பாதை வழக்கும் சுவர் வழக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. முன்மனைக்காரர் சுற்றுச்சுவர் எழுப்பும்போது பின்மனைக்காரரின் பாதை குறுகுகிறது. பாதை குறுகியது என்று பின்மனைக்காரர் சொல்லும்போது, சுவர் தன் எல்லைக்குள்தான் நிற்கிறது என்று முன்மனைக்காரர் பதில் சொல்கிறார். இரண்டு கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இத்தகைய வழக்குகளின் சிக்கல். ஏனெனில் எல்லை என்பது யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்ற கேள்விக்கான விடை. வழிநடைப் பாத்தியம் என்பது இன்னொருவருக்குச் சொந்தமான நிலத்தின்மீது ஒருவர் எதைச் செய்யலாம் என்ற கேள்விக்கான விடை. தன் எல்லைக்கு உள்ளேயே கட்டப்பட்ட சுவரும் பிறருடைய பாதையை மறிக்கலாம். இவ்விரு கேள்விகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றைக் கொண்டு விடை கண்டு, பின்னர் அவ்விடைகளைச் சேர்த்துப் பார்ப்பதே தீர்வுக்கு உரிய ஒழுங்கு என்பது இச்சொற்பொழிவின் கருத்து.

1. உரிமை எங்கிருந்து பிறக்கிறது

இப்பொருளில் அடிப்படையான சட்டம் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் ஆகும். ஒரு நிலத்தைப் பயனுள்ள முறையில் அனுபவிப்பதற்காக, அந்நிலத்தின் உரிமையாளருக்குத் தமதல்லாத வேறொரு நிலத்தின்மீது உள்ள உரிமையை அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு வசதியுரிமை என்று வரையறுக்கிறது. பயன்பெறும் நிலம் ஒன்று, சுமை தாங்கும் நிலம் ஒன்று என இரண்டு நிலங்களும், அவற்றுக்கு வெவ்வேறு உரிமையாளர்களும் இருந்தால்தான் வசதியுரிமை என்ற பேச்சே எழும். உரிமை ஆளைச் சார்ந்ததன்று, நிலத்தைச் சார்ந்தது. ஆகவே பயன்பெறும் மனை விற்கப்படும்போது பாதையும் உடன் செல்லும், பாதையுரிமையை மட்டும் தனியே பிரித்து மூன்றாம் ஆளுக்கு விற்க முடியாது. இரண்டு மனைகளும் முழு உரிமையுடன் ஒரே கைக்கு வந்துவிட்டால் உரிமை மறைந்துவிடும், ஏனெனில் எவரும் தம் நிலத்தின்மீது தமக்கே வசதியுரிமை வைத்துக்கொள்ள இயலாது.

இவ்வுரிமை பெரும்பாலும் மூன்று வகையில் பிறக்கிறது. முதலாவது, எழுதிக் கொடுத்ததனால் வருவது. கிரயப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ, இத்தனை அடி அகலப் பாதையில் நடந்து போகவும் வண்டி வாகனம் கொண்டு செல்லவும் பாத்தியம் உண்டு என்று எழுதப்பட்டிருந்தால், உரிமையின் பிறப்பும் அளவும் அந்த வாசகத்திலேயே அடங்கும். இரண்டாவது, அவசியத்தினால் வருவது. ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான மனை பிரிக்கப்பட்டு, ஒரு பங்கின் வழியாகச் செல்லாமல் மற்றொரு பங்குக்குள் நுழையவே முடியாது என்ற நிலை ஏற்பட்டால், பத்திரம் வாய்திறக்காவிட்டாலும் 13ஆம் பிரிவு அப்பாதையைத் தருகிறது. அப்பாதை எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று குறித்துக் காட்டும் உரிமையை 14ஆம் பிரிவு சுமை தாங்கும் பங்கின் உரிமையாளருக்கே தந்து, அது பின்மனைக்காரருக்கு நியாயமான வசதியுடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதிக்கிறது. அவர் குறித்துக் காட்ட மறுத்தாலோ தவறினாலோ பின்மனைக்காரரே குறித்துக்கொள்ளலாம். மூன்றாவது, நீண்ட அனுபோகத்தினால் வருவது. 15ஆம் பிரிவின்படி, அமைதியாகவும் வெளிப்படையாகவும் உரிமை என்ற நிலையிலும் இடையறாமலும் 20 ஆண்டுகள் ஒரு பாதையைப் பயன்படுத்தி வந்தால் அது முழு உரிமையாகிறது. அரசு நிலத்தின் மீதாயின் 30 ஆண்டுகள் தேவை.

இம்மூன்றில் எதை ஒருவர் நம்பி வழக்குத் தொடுக்கிறார் என்பது வெறும் வாதத் தேர்வன்று, வழக்கின் முடிவையே அது தீர்மானிக்கிறது. அவசியத்தினால் பிறந்த பாதை அவசியம் தீர்ந்ததும் 41ஆம் பிரிவின்படி முடிந்துவிடும். பின்மனைக்குப் பின்னால் புதிதாக ஒரு பஞ்சாயத்துச் சாலை வந்து, அதன் வழியே நுழைய முடிகிறது என்றால், முன்மனைக்காரர் பழைய பாதையை மூடிக்கொள்ளலாம். ஆனால் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட பாதை அவ்வாறு முடிவதில்லை. மாற்று வழி கிடைத்துவிட்டது என்பதற்காக, எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமை அழியாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2006இல் தெளிவுபடுத்தியது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பாதை எழுதப்பட்டிருக்கும்போது, அதை விட்டுவிட்டு, வேறு வழியே இல்லை என்று மட்டும் வழக்குரையில் எழுதுவது வலிமையான உரிமையைக் கைவிட்டு வலிமை குறைந்ததைப் பற்றிக்கொள்வதாகும்.

நீண்ட அனுபோகத்தின் அடிப்படையில் எழும் வழக்குகள் தோற்பதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, அனுபோகம் உரிமையாக நடந்ததா, அனுமதியாக நடந்ததா என்பதாகும். அண்ணன் மனையில் தம்பி நடப்பதும், பங்காளியின் களத்தைக் கடந்து கிணற்றுக்குப் போவதும் உறவின் பேரில் தடுக்கப்படாமல் விடப்பட்டவை என்று நீதிமன்றம் கருதினால், அது எத்தனை ஆண்டு நடந்தாலும் அனுமதியாகவே நிற்கும், உரிமையாக முதிராது. இரண்டாவது காரணம் காலக் கணக்கு. 20 ஆண்டு அனுபோகம், வழக்குத் தாக்கல் செய்யும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிவடைவதாக இருக்க வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை அடைக்கப்பட்ட பின்பு ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பேசி மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டு நீதிமன்றம் செல்பவர், அனுபோகத்தை எவ்வளவு நன்றாக நிரூபித்தாலும் இக்கணக்கிலேயே தோற்றுவிடுவார்.

2. உரிமையின் அளவும் இருதரப்புக் கடமைகளும்

பாதையுரிமை உண்டு என்று முடிவான பின்னும் எவ்வளவு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு வகைப் பாதையுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்பது 28ஆம் பிரிவில் உள்ள விதி. நோக்கத்தைக் காட்டும் வேறு சான்று இல்லாதபோது, நடந்து செல்வதற்கான பாதையில் சரக்கு வண்டி செல்லும் உரிமை தானாக வராது. அவசியத்தினால் வந்த பாதையின் அளவோ, உரிமை பிறந்த நாளில் இருந்த அவசியத்தின் அளவே ஆகும். எனவே 1990களில் நடைபாதை என்று மட்டும் எழுதப்பட்ட 4 அடி அகலப் பாதையின் வழியே இன்று கார் செல்ல இடம் வேண்டும் என்று பின்மனைக்காரர் கேட்டால், சட்டம் அதற்குத் துணை நிற்காது. அவர் கூடுதல் அகலத்தை விலைக்கு வாங்க வேண்டும்.

மறுபுறம், பாதையாக எழுதிக் கொடுத்ததனால் முன்மனைக்காரர் அந்த நிலத்தின் உரிமையை இழந்துவிடுவதில்லை. பாதையின் கீழே குழாய் பதிக்கலாம், அதில் தாமும் நடக்கலாம், நடப்பவருக்கு இடையூறு இல்லாத எதையும் செய்யலாம். ஆனால் நடையைத் தடுக்கும் எதையும், பாதிக்குமேல் இடத்தை அடைக்கும் மாடிப்படியையோ நிரந்தரமாகப் பூட்டிய கதவையோ, வைக்கலாகாது. பாதையைச் செப்பனிடும் செலவு, வேறு உடன்படிக்கை இல்லாதவரை, பயன்பெறுபவரைச் சேர்ந்தது. அவர் பாதையைப் பழுது பார்க்கப் பக்கத்து மனைக்குள் நுழையலாம், ஆனால் கூடியவரை குறைந்த தொந்தரவுடன் அதைச் செய்ய வேண்டும்.

இவ்விடத்தில் பொதுமக்கள் பெரும்பாலும் அறியாத ஒரு விதி உண்டு. வசதியுரிமைக்குத் தடை ஏற்படுத்தப்பட்டால், உரிமையுடையவர் அத்தடையைத் தாமே அகற்றிக்கொள்ள முடியாது என்று 36ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பாதையில் எழுந்த சுவரை இரவோடிரவாக இடித்தவர், பாதை வழக்கில் நியாயம் தம் பக்கம் இருந்தும், சொத்துச் சேதத்துக்கான குற்ற வழக்கில் எதிரியாக நிற்க நேரும். சுவர் எங்கே நின்றது என்பதற்கான நேரடிச் சான்றையும் தாமே அழித்தவராவார்.

3. எல்லையைக் காட்டுவது எது

சுவரின் இடத்தைச் சரிபார்க்கப் பத்திரமும் நில அளவைப் பதிவும் ஆகிய இரண்டு வகைச் சான்றுகள் உண்டு. பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு பக்கத்து மால்களும், கிழமேலாகவும் தென்வடலாகவும் உள்ள அடிக்கணக்கும், சர்வே எண்ணும், மொத்த விஸ்தீரணமும் எழுதப்பட்டிருக்கும். இவை ஒன்றோடொன்று முரண்படும்போது, பொதுவாக நான்கெல்லையே அளவைவிட மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறி. ஏனெனில் வாங்கியவரும் விற்றவரும் நிலத்தில் நேரில் பார்த்தது எல்லைகளைத்தான், சதுர அடியைக் கணக்கிட்டு எழுதியது எழுத்தர். ஆனால் நான்கெல்லையே தெளிவற்று, அடுத்த வீட்டுக்காரரின் பெயரை மட்டும் சொல்லும்போது, அவருடைய மனை எங்கே முடிகிறது என்பது மீண்டும் அளவையால்தான் தெரியும்.

நில அளவைப் பதிவின் அடிப்படை 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் ஆகும். அளவைப் பணியின்போது தகராறு இல்லாத எல்லையை அளவை அலுவலர் பதிந்துகொள்கிறார். தகராறு இருந்தால் இருதரப்பையும் கேட்டு முடிவு செய்கிறார். அதன்மேல் முறையீடும் உண்டு. பணி முடிந்து அறிவிக்கை வெளியான பின், உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை மாற்றாதவரை, அப்பதிவு எல்லைகள் சரியாகக் குறிக்கப்பட்டதற்கு முடிவான சான்று என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. அதை எதிர்த்து வழக்குத் தொடுக்க 14ஆம் பிரிவு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. ஆனால் இந்த முடிவான தன்மை கோட்டின் இடத்தைப் பற்றியது, உரிமையைப் பற்றியதன்று. பட்டாவில் பெயர் இருப்பது மட்டும் உரிமை மூலத்தை நிலைநாட்டாது என்பதும் நீதிமன்றங்களின் நிலையான கருத்தாகும்.

ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. புலத்தின் மூலைகளில் நடப்பட்ட அளவைக் கற்களும், கற்களுக்கு இடையே உள்ள தூரமும், குறுக்கே இழுக்கப்பட்ட அளவைக் கோடுகளும், அக்கோடுகளிலிருந்து எல்லையின் வளைவுகளுக்கு எடுக்கப்பட்ட செங்குத்தளவுகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அத்து காட்டுதல் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வழங்கும் எல்லை காட்டும் பணிக்கு மனுக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், நில அளவர் பக்கத்து நிலக்காரர்களுக்கும் அறிவிப்புக் கொடுத்து வந்து அளக்கிறார். அவர் முதலில் தேடுவது மனையின் மூலையை அன்று, புலத்தின் மூலைக் கற்களை. இரண்டு கற்கள் அகப்பட்டால், அவற்றின் நடுவே உள்ள தூரம் புலப்படத்திலுள்ள தூரத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். பொருந்தினால் அக்கோட்டையே அடிப்படையாக்கி, அதிலிருந்து தகராறுக்குரிய உட்பிரிவின் எல்லையைப் போட்டுக் காட்டுகிறார். கற்கள் பெயர்க்கப்பட்டிருந்தால் அடுத்த புலங்களின் கற்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்த வேலையில் பிழை பெரும்பாலும் நுழையும் இடம் அடிப்படையைத் தவறாகத் தேர்வது. ஒருவர் காட்டிய பழைய சுவரையோ வேலியையோ எல்லையாக வைத்துக்கொண்டு அங்கிருந்து நாடாவைப் பிடித்தால், அச்சுவர் பிழையாயிருந்தால் எல்லாக் கோடுகளும் அப்பிழையையே சுமக்கும். ஆகவே அளவின்போது உடனிருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தக் கல்லிலிருந்து தொடங்கினீர்கள் என்பதே. அளவீட்டு விவரத்தில் தொடக்கக் கற்களும், கற்களுக்கிடையே தரையில் கிடைத்த தூரமும், புலப்படத்தில் உள்ள தூரமும் அருகருகே எழுதப்படாவிட்டால், அவ்வறிக்கை பின்னால் குறுக்கு விசாரணையில் நிற்காது. நில அளவர் கோட்டைக் காட்டுகிறார். சுவரை அகற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சுவர் யாருடையது என்பதும் தனியே பார்க்கத்தக்கது. கோட்டின்மீது பாதிப் பாதியாக நிற்கும் சுவர் பொதுச்சுவராக இருக்கலாம். ஒரு பக்கத்துக்குள் முழுவதுமாக நிற்பது அப்பக்கத்துக்காரருடையது. தாங்கு தூண்கள் எந்தப் பக்கம் புடைத்திருக்கின்றன, சுவர் உச்சியின் சரிவு எந்தப் பக்கம் மழைநீரை விடுகிறது என்பன யார் கட்டினார் என்பதற்குக் குறிப்புகளே தவிர முடிவான சான்றுகள் அல்ல. தரைக்கு மேலே சுவர் 9 அங்குல அகலமிருந்தாலும் அஸ்திவாரம் அதைவிட அகன்றிருக்கும். எனவே தரைமட்டத்தில் கோட்டைத் தொடாத சுவரும் மண்ணுக்கடியில் கோட்டைத் தாண்டியிருக்கக்கூடும்.

4. ஒரு மனை, மூன்று சுவர்கள்

மேற்கூறியவை ஒன்றோடொன்று எவ்வாறு பிணைகின்றன என்பதை ஒரு கற்பித எடுத்துக்காட்டின் வழியே காணலாம். தெற்கே தெருவைப் பார்த்த, கிழமேல் 40 அடியும் தென்வடல் 90 அடியும் கொண்ட ஒரு மனையை, 1994இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தின்படி இரு சகோதரர்கள் பிரித்துக்கொள்கின்றனர். தெருவை ஒட்டிய தென்பாதி அண்ணனுக்கும், வடபாதி தம்பிக்கும் விழுகின்றன. தென்பாதியின் கிழக்கு ஓரமாகத் தென்வடலாக 4 அடி அகலத்தில் நடைபாதைப் பாத்தியம் தம்பிக்கு உண்டு என்று பத்திரம் சொல்கிறது. 2016இல் அண்ணன் தம் பங்கை விற்றுவிடுகிறார். வாங்கியவர் 2023இல் பாதைக்கும் தம் வீட்டுக்கும் நடுவே சுற்றுச்சுவர் எழுப்புகிறார். பாதைக்கு 4 அடி போக 36 அடி தமக்கு என்பதால், மேற்குப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து 36 அடி அளந்து சுவரை நிறுத்துகிறார். சுவர் முடிந்தபின் பாதையின் அகலம் இரண்டரை அடியாகவே இருக்கிறது. கிழக்கு வீட்டுக்காரர் ஒன்றரை அடி பாதைக்குள் நுழைந்துவிட்டார் என்று வாங்கியவரும், வாங்கியவர் பாதையைத் தின்றுவிட்டார் என்று தம்பியும் சொல்கின்றனர்.

இருபக்கச் சுவர்களுக்கும் இடையே தெருவோரத்தில் நாடாவைப் பிடித்தால் 38½ அடி வருகிறது. மனையில் ஒன்றரை அடி காணவில்லை. ஆனால் எந்தப் பக்கம் காணவில்லை என்பதை இந்த அளவு சொல்லாது. புலப்படத்தில் இவ்வுட்பிரிவின் தெற்கு எல்லை 12.2 மீட்டர், அதாவது 40 அடி, என்று உள்ளது. நில அளவர் புலத்தின் இரு கற்களிலிருந்து அளந்து இருபக்கக் கோடுகளையும் போட்டுக் காட்டும்போது, மேற்கு வீட்டுச் சுவர் கோட்டைத் தாண்டி ஓர் அடி உள்ளே நிற்பதும், கிழக்கு வீட்டுச் சுவர் அரை அடி உள்ளே நிற்பதும் தெரிகின்றன.

இப்போது கணக்கு தெளிவாகிறது. வாங்கியவர் மேற்குச் சுவரிலிருந்து 36 அடி அளந்ததனால், அவருடைய புதுச் சுவர் உண்மையான மேற்கு எல்லையிலிருந்து 37ஆம் அடியில் நிற்கிறது. பாதை தொடங்க வேண்டிய இடம் 36ஆம் அடி. ஆகவே பாதையில் ஓர் அடியை எடுத்துக்கொண்டது புதுச் சுவர். மீதி அரை அடியை எடுத்துக்கொண்டது கிழக்குச் சுவர். வாங்கியவர் தமக்கு மேற்கே நேர்ந்த இழப்பை, அறியாமலே, கிழக்கே பாதையின்மீது ஏற்றிவிட்டார். மனையில் அளவு குறைகிறது என்பதற்காகப் பாதையின் அகலம் குறையாது. பாதை எழுதிக் கொடுக்கப்பட்ட சுமை, குறைவு உரிமையாளரின் பங்கில்தான் விழ வேண்டும். எனவே வாங்கியவர் தம் சுவரை ஓர் அடி மேற்கே தள்ள வேண்டியவர். அவருக்கு நேர்ந்த ஓர் அடி இழப்புக்கு மேற்கு வீட்டுக்காரரிடம் தனியே பரிகாரம் தேட வேண்டியவர்.

அப்பரிகாரத்துக்கும் காலம் உண்டு. உரிமை மூலத்தின் அடிப்படையில் நிலத்தை மீட்கும் வழக்குக்கு, எதிர்த்தரப்பின் அனுபோகம் உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டு என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் விதிக்கிறது. மேற்குச் சுவர் 2014இல் கட்டப்பட்டது என்றால், 2026க்குள் வழக்கு வந்தாக வேண்டும் என்று எச்சரிக்கையாகக் கொள்வதே பாதுகாப்பானது. கிழக்குச் சுவர் 1998இல் கட்டப்பட்டது என்றால், அந்த வீட்டுக்காரர் எதிர் அனுபோகத்தால் அரை அடி தமக்கே உரியதாகிவிட்டது என்று வாதிடுவார். அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது, வெறும் தவறான அளவினால் நின்ற சுவர் என்றால் அவ்வாதம் எளிதில் நிலைக்காது, ஆயினும் 25 ஆண்டுக்குமேல் நிற்கும் சுவரை இடிக்க நீதிமன்றம் எளிதில் ஆணையிடுவதில்லை. தம்பிக்கு ஐயமின்றிக் கிடைக்கக்கூடியது ஓர் அடி. அரை அடிக்காகக் கிழக்கு வீட்டுக்காரரையும் வழக்கில் இழுப்பதா என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது.

5. வழக்கு எவ்வாறு நடக்கிறது

வழக்கு வழக்கறிஞர் அறிவிப்பில் தொடங்குகிறது. சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போது வந்தவருக்கும், முடிந்து பூச்சும் ஆன பின்பு வந்தவருக்கும் நீதிமன்றம் தரும் பரிகாரம் ஒன்றாக இராது. கட்டுமானத்தை நிறுத்தி வைக்கும் இடைக்கால உறுத்துக் கட்டளை முன்னவருக்கு எளிது, இடித்து அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை பின்னவருக்குக் கடினம். எதிர்த்தரப்பு தங்களைக் கேட்காமல் இடைக்கால ஆணை பெற்றுவிடாதபடி முன்னறிவிப்பு மனுத் தாக்கல் செய்து வைப்பதும் உண்டு. அது 90 நாள் செல்லும்.

வழக்குரையில் என்ன கேட்கப்படுகிறது என்பதில்தான் பல வழக்குகள் தோற்கின்றன. பாதை நிலமே தமக்குச் சொந்தம் என்று ஒரு பத்தியிலும், சொந்தமில்லையாயினும் நடக்கும் உரிமை உண்டு என்று மறு பத்தியிலும் எழுதுவோர் உள்ளனர். வசதியுரிமை கேட்பவர் நிலம் பிறருடையது என்பதை ஒப்புக்கொண்டே கேட்கிறார். நிலத்தின் உரிமையைக் கோரி வழக்காடித் தோற்றவருக்கு, அவர் வாதிடாத வசதியுரிமையை மேல்முறையீட்டில் தந்தது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே வழக்குரையில் உரிமையின் பிறப்பிடம், பயன்பெறும் நிலம், சுமை தாங்கும் நிலம், பாதையின் அகலம், அது தொடங்கும் இடமும் முடியும் இடமும், பயன்பாட்டின் வகை ஆகியவை வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். பாதையுரிமை உண்டு என்ற விளம்புகையும், தடுக்கக்கூடாது என்ற நிரந்தர உறுத்துக் கட்டளையும், தடையை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும்.

விசாரணையின் திருப்புமுனை வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நீதிமன்றம் நியமிப்பது ஆகும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 9ஆம் விதியின் கீழ் நியமிக்கப்படும் அவர், நில அளவருடன் இடத்துக்குச் சென்று, இருதரப்பும் முன்னிலையாக அளந்து, வரைபடத்துடன் அறிக்கை தருகிறார். அது வழக்கில் சான்றாக அமைகிறது. ஆணையர் அளவையும் நிலைமையையும் பதிந்துகொள்பவரே தவிர உரிமையைத் தீர்மானிப்பவர் அல்லர். பத்திரமே பேசாத ஓர் உரிமையை, பாதை நடையால் தேய்ந்திருக்கிறது என்று ஆணையர் எழுதிய ஒரு வரி நிலைநாட்டிவிடாது. ஆனால் அளவில் யார் சொல்வது மெய் என்பதை அவ்வறிக்கையே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. ஆணையருக்குக் கொடுக்கப்படும் பணிக் குறிப்பில் எந்தக் கற்களிலிருந்து அளக்க வேண்டும், சுவரின் அகலத்தையும் அஸ்திவாரப் புடைப்பையும் குறிக்க வேண்டுமா என்பன குறிப்பிடப்படாவிட்டால், பின்னால் ஆட்சேபணை மனுக்களிலேயே மாதங்கள் கழியும்.

பாதைத் தகராறு அடிதடியாகும் நிலை வந்தால், நிர்வாக நடுவர் தலையிடும் தனி வழியும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவு, நிலத்தின் பயன்பாட்டு உரிமை பற்றிய தகராறில், அமைதி கெடும் என்று கண்டால், விசாரித்து இடைநிலை ஆணை பிறப்பிக்க நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அது அமைதி காக்கும் ஏற்பாடே ஒழிய உரிமையைத் தீர்க்கும் இடமன்று. உரிமை முடிவாவது உரிமையியல் நீதிமன்றத்தில்தான்.

6. இணக்கமும் எழுத்தும்

மேற்கண்ட எடுத்துக்காட்டில், அளவு தெரிந்துவிட்ட பின் மூவருக்கும் எஞ்சுவது பேசி முடிக்கக்கூடிய சில அங்குலங்களே. வழக்குத் தொடங்கும் முன்பே வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகி மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லலாம். அங்கு எட்டப்படும் உடன்பாடு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது, அதன்மேல் முறையீடு கிடையாது. நடப்பு வழக்கிலும் நீதிமன்றமே சமரசத்துக்கு அனுப்பலாம்.

அவ்வாறு முடியக்கூடிய ஒரு தீர்வு பின்வருமாறு அமையும். கிழக்குச் சுவரின் உட்புறத்திலிருந்து 4 அடி அகலம் பாதையாக விடப்படுகிறது. வாங்கியவர் தம் சுவரை ஒன்றரை அடி மேற்கே தள்ளிக்கொள்கிறார், அதாவது சட்டப்படி தள்ள வேண்டிய ஓர் அடிக்கு மேல் அரை அடி விட்டுக்கொடுக்கிறார். அதற்கு ஈடாக, இடித்துக் கட்டும் செலவில் பாதியைத் தம்பி ஏற்று, பாதைக்குச் சிமெண்ட் தளம் போடும் செலவையும் தாமே செய்கிறார், தம் கழிவுநீர்க் குழாயைப் பாதைக்கு அடியில் கொண்டு செல்ல வாங்கியவரிடம் எழுத்து ஒப்புதலும் பெறுகிறார். கிழக்கு வீட்டுக்காரர் தம் சுவரின் உட்புறமே இனிப் பொதுவான கோடு என்று மற்றவர்கள் ஏற்பதற்குப் பதிலாக, பாதையின் மேலே சன்ஷேடையோ குளிர்சாதனப் பெட்டியையோ நீட்டுவதில்லை என்று எழுதித் தருகிறார்.

இத்தகைய உடன்பாடு வாய்மொழியில் நின்றால், மனை அடுத்த முறை கைமாறும்போது அதே தகராறு மீண்டும் தொடங்கும். 100 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள அசையாச் சொத்துரிமையை உருவாக்கும் ஆவணம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால், பாதை உடன்படிக்கை பதிவாக வேண்டும். பதிவான பின் அது வில்லங்கச் சான்றில் இரு மனைகளின் மீதும் தெரியும், வாங்க வருபவரும் அதை அறிந்தே வாங்குவார். அந்த ஆவணத்தின் வாசகம் ஆறு விவரங்களைத் தாங்க வேண்டும்: அகலம் எந்தக் கல் அல்லது எந்தச் சுவரின் எந்த முகத்திலிருந்து அளக்கப்படுகிறது, அகலம் எவ்வளவு, நீளம் எங்கிருந்து எங்குவரை, நடையா இருசக்கர வண்டியா அதற்கு மேலுமா, குழாயும் மின்கம்பியும் செல்லலாமா, பராமரிப்புச் செலவு யாருடையது. இவற்றோடு அளவுகள் குறிக்கப்பட்ட ஒரு வரைபடமும் இணைக்கப்பட்டு, இருதரப்பும் அதில் ஒப்பமிட வேண்டும். 1994ஆம் ஆண்டுப் பத்திரம் கிழக்கு ஓரம் என்று மட்டும் எழுதி, அந்த ஓரம் எங்கிருந்து அளக்கப்படும் என்பதை எழுதாமல் விட்டதனால்தான், வாங்கியவர் மேற்கிலிருந்து அளக்கவும் தம்பி கிழக்கிலிருந்து அளக்கவும் நேர்ந்தது. தொடக்கப் புள்ளியைக் கூறும் ஒரு தொடர் அப்பத்திரத்தில் இருந்திருந்தால், மூன்று சுவர்களில் குறைந்தது ஒன்று சரியான இடத்தில் எழுந்திருக்கும்.